கல்யாண போட்டோவுல வெறுங்கைக்கு மெஹந்தி போடணும், விரல் வளைவுல ஸ்டிக்கர் மாதிரியே நிக்குது

இரவுஎடிட்டர்
எல்லாருக்கும் வணக்கம். ஒரு கல்யாண ஆல்பம் கையில இருக்கு. அவுட்டோர் ஷூட்டை மெஹந்தி வைக்கிறதுக்கு முன்னாடியே முடிச்சுட்டாங்க, இப்ப மத்த படத்துல எல்லாம் பொண்ணு கை செவந்திருக்கு, அட்டைக்கு எடுத்து வச்ச இந்த ஒரு படத்துல மட்டும் வெறுங்கை. அதுலயும் மெஹந்தி போட்டுத் தாங்கன்னு கேக்குறாங்க. போஸ் என்னன்னா ரெண்டு உள்ளங்கையும் கேமராவைப் பாத்துட்டு இருக்கு, விரலெல்லாம் லேசா உள்ள மடங்கி இருக்கு, உள்ளங்கையும் கொஞ்சம் குழிஞ்சிருக்கு. படத்துல ஒரு கை உயரம் 1600 பிக்சல் வரும், விரல் அகலம் 120 பிக்சல் சுமாருக்கு.

டிசைன் பேப்பர்ல வரைஞ்சு ஸ்கேன் பண்ணது, வெள்ளை எடுத்துட்டு கோடு மட்டும் வச்சிருக்கேன். போட்டோஷாப்புல மல்டிப்ளைல போட்டு வார்ப் பண்ணி கை மேல உக்கார வச்சேன், அப்புறம் போட்டோவையே கறுப்பு வெள்ளையாக்கி மேப்பா சேவ் பண்ணி டிஸ்பிளேஸ் 10, 10ன்னு குடுத்தேன். பிரச்சனை மூணு. விரல்ல டிசைன் தட்டையா ஒட்டின மாதிரி தெரியுது. டிஸ்பிளேஸ் குடுத்ததும் டிசைன் மொத்தமும் கோணலா ஒரு பக்கம் நகந்துடுது. உள்ளங்கை ரேகைக்கு மேல டிசைன் பாலம் கட்டின மாதிரி நேரா தாண்டிப் போகுது, மடிப்பே தெரியல. எங்க போய் முட்டிக்கிறதுன்னு தெரியல.

ஷார்ட்கட்சிங்கம்
ப்ரோ இதுக்கு ஏன் இவ்ளோ டென்ஷன், அஞ்சு நிமிஷ வேலை. டிஸ்பிளேஸ் தான் கரெக்ட், வேல்யூ தான் பத்தல, 20 குடுத்துப் பாருங்க. மேப்புல வெளிச்சமா இருக்குறது மேடு, இருட்டா இருக்குறது பள்ளம், அதை வச்சு சாஃப்ட்வேரே வளைச்சுக்கும். அப்புறம் ஒபாசிட்டி 70. முடிஞ்சுது.

லேயர்தாத்தா
சிங்கம் தம்பி, பாதி சரி பாதி தப்பு. துணி மேல லோகோ போடுறப்ப இது ஓடும், கையில ஓடாது. டிஸ்பிளேஸுக்கு மேடு பள்ளம் எதுவும் தெரியாது. அதுக்குத் தெரிஞ்சதெல்லாம் மேப்புல அந்த இடத்துல கிரே வேல்யூ எவ்ளோங்கறது மட்டும் தான். 128னா நகராது. அதுக்கு மேல போனா ஒரு பக்கம், கீழ போனா எதிர்ப்பக்கம். விரலோட ஒரு ஓரத்துல வெயில் பட்டு வெள்ளையா இருந்தா அந்த ஓரத்தைத் தான் அது அதிகமா நகத்தும், நிஜத்துல உசரம் நடுவுல இருக்கு.

இரவு தம்பியோட டிசைன் நகர்ந்ததுக்கும் இதே தான் காரணம். கணக்கு போட்டுப் பாருங்க. ஸ்கேல் 100 வச்சா அதிகபட்சம் 128 பிக்சல் நகரும், அப்ப 10 வச்சா 12.8. வெளிச்சத்துல இருக்குற உள்ளங்கை கறுப்பு வெள்ளைல ஒரு 190 இருக்கும்னு வைங்க, 128ல இருந்து 62 தள்ளி இருக்கு, அதனால அந்த இடத்துல டிசைன் 6 பிக்சல் கிடைமட்டமாவும் 6 பிக்சல் செங்குத்தாவும் போகும். கை முழுக்க ஏறக்குறைய அதே டோன், அதான் மொத்தமும் கோணலா நகந்துது. கறுப்பு வெள்ளை மேப்புல ஒரே சானல் தானே, ரெண்டு திசைக்கும் அதே நம்பரை எடுத்துக்கும், அதனால எப்பவும் குறுக்கா தான் போகும். 20 குடுத்தா 12 பிக்சல் ஆகும், அவ்ளோ தான் வித்தியாசம்.

இதுக்கு வழி மேப்பை 128க்கு இழுத்துட்டு வர்றது. போட்டோ காப்பியை கறுப்பு வெள்ளையாக்குங்க, காஸியன் ப்ளர் 2 பிக்சல் குடுங்க, சரும துளையும் நாய்ஸும் அடங்கட்டும். அப்புறம் ஹை பாஸ், உங்க சைஸுக்கு ரேடியஸ் 15 போதும். இப்ப வெயில் நிழல் எல்லாம் போய் எங்க பாத்தாலும் நடு கிரேயா இருக்கும், ரேகையும் சுருக்கமும் மட்டும் லேசா மேலயும் கீழயும் ஆடும். வளையல், மோதிரம், பின்னாடி இருக்குற புடவை எல்லாத்து மேலயும் 128 கிரேயை அடிச்சுருங்க, இல்லன்னா வளையல் ஓரத்துல டிசைன் பிஞ்சு போகும். அதை தனி பிஎஸ்டியா சேவ் பண்ணி `Filter > Distort > Displace` போய் ஸ்கேல் 6. ரேகை ஓரத்துல ரெண்டு மூணு பிக்சல் ஆட்டம் வரும், அதுக்கு மேல வேண்டவே வேண்டாம்.

ஆனா ஒண்ணு, இது கடைசி ஸ்டெப். விரல் வளைவுக்கு டிஸ்பிளேஸ் பக்கமே போகக்கூடாது.

மின்மினி
அக்கா அண்ணாஸ் எனக்கும் இதே ப்ராப்ளம், என் கல்யாண போட்டோல மெஹந்தி ரொம்ப லேசா ஆரஞ்சா தெரியுது, நேர்ல நல்லா டார்க்கா தான் இருந்துச்சு, இதுல போட்டிருக்குற மாதிரி ஹை பாஸ் குடுத்தா டார்க் ஆகுமா??

கோன்கைகாரி
மின்மினி, உன் கேஸ் வேற டா. உன் கையில டிசைன் இருக்கு, நிறம் மட்டும் தான் இல்ல. இவங்க இல்லாத டிசைனைப் போடுறாங்க. சாயங்கால மஞ்ச வெளிச்சத்துல எடுத்த படம்னா மெஹந்தி ஆரஞ்சா தான் விழும், முதல்ல ஒயிட் பேலன்ஸை சரி பண்ணிப் பாரு.

லேயர்தாத்தா
அதே தான். ஒயிட் பேலன்ஸுக்கு அப்புறமும் பத்தலன்னா செலக்டிவ் கலர்ல ரெட்ஸ் எடுத்து பிளாக்கை ஏத்தும்மா, மாஸ்க்கை கைக்கு மட்டும் வை, இல்லன்னா உதடும் சேந்து கறுத்துடும். சருமத்துலயும் சிவப்பு இருக்கு, அதனால கொஞ்சமா ஏத்து.

இரவுஎடிட்டர்
தாத்தா ஹை பாஸ் பண்ணதும் நகர்றது சுத்தமா நின்னுடுச்சு, ரொம்ப நன்றி. ஆனா ஒரு விசித்திரம், டிசைன் லேயரை ஸ்மார்ட் ஆப்ஜெக்டா வச்சுட்டு டிஸ்பிளேஸ் குடுத்தா சுருக்கம் எல்லாம் தப்பான இடத்துல வருது. சாதாரண லேயர்ல சரியா வருது.

லேயர்தாத்தா
ஸ்மார்ட் ஆப்ஜெக்டோட எல்லை வேற, போட்டோ சைஸ் வேற. மேப்பை அந்த எல்லைக்கு நீட்டியோ சுருக்கியோ உக்கார வைக்கும், எப்படிப் பொருந்தும்? வார்ப் எல்லாம் முடிச்சுட்டு ஒரு காப்பி எடுத்து ராஸ்டரைஸ் பண்ணி அதுல குடுங்க. ஒரிஜினலை மறைச்சு வச்சுக்கோங்க.

இப்ப விரலுக்கு வரேன். விரலை ஒரு உருளைன்னு நினைச்சுக்கோங்க. நமக்குத் தெரியுற முகம் பாதி சுத்து. பேப்பர்ல அந்தப் பாதி சுத்துக்கு வரைஞ்ச பட்டையை நடுவுல இருந்து ஓரம் வரைக்கும் மூணு சம பாகமா பிரிச்சா, கேமரால அது மூணும் சமமா தெரியாது. உங்க விரல் 120 பிக்சல், நடுவுல இருந்து ஓரம் 60. முதல் பாகம் 30 பிக்சல் வரைக்கும் வரும், ரெண்டாவது 52ல முடியும், மூணாவது மிச்சம் இருக்குற 8 பிக்சலுக்குள்ள நசுங்கிக் கிடக்கும். நடுவுல பாதி இடத்தை ஒரே பாகம் எடுத்துக்குது, ஓரத்துல கடைசிப் பாகத்துக்கு கோடு மாதிரி தான் இடம். நீங்க ஸ்ட்ரிப்பை அப்படியே அகலத்துக்கு சுருக்கி வச்சிருப்பீங்க, மூணும் ஆளுக்கு 20. அதான் ஸ்டிக்கர்.

வார்ப்ல கிரிட்டை நிமிர்ந்த கோடா வெட்டி அந்தக் கோடுகளை 30க்கும் 52க்கும் இழுங்க, ரெண்டு பக்கமும். கண்ணளவு போதும், ஸ்கேல் வச்சு அளக்க வேண்டாம். இன்னொண்ணு, விரலைச் சுத்திப் போற வளையக் கோடு எதுவும் நேரா இருக்கக்கூடாது. விரல் நுனி கேமரா பக்கம் சாஞ்சிருக்கா எதிர்ப்பக்கம் சாஞ்சிருக்கான்னு பாத்து, அதுக்கேத்த மாதிரி மேல வளைவோ கீழ வளைவோ குடுக்கணும். மோதிரம் போட்ட படம்னா மோதிரம் எந்தப் பக்கம் வளையுதோ அதே பக்கம் வளைங்க, அதைவிட நல்ல கைடு கிடையாது.

ஷார்ட்கட்சிங்கம்
சரி தாத்தா ஒத்துக்கறேன், ஆனா பப்பெட் வார்ப் வச்சு மூட்டுக்கு மூட்டு பின் குத்தி விரலை ஒரே இழுப்புல மடக்கலாமே, துண்டு துண்டா எதுக்கு

லேயர்தாத்தா
பக்கவாட்டுல சாயுற விரலுக்கு நல்லா வேலை செய்யும், அதை மறுக்கல. இங்க விரல் கேமராவை நோக்கி மடங்கி இருக்கு. அப்ப அடிக் கணு ஓரளவு முழுசா தெரியும், நடுக் கணு நீளத்துல குறுகும், நுனிக் கணு இன்னும் குறுகும். பப்பெட் வார்ப்ல மூட்டு கிட்ட டிசைன் பிதுங்கும் இல்லன்னா இறுகும், கோட்டோட தடிமனும் மாறிடும். அதனால ஒரு விரலுக்கு மூணு துண்டு, மூணுக்கும் தனித்தனி வார்ப், துண்டு சேர்ற இடம் சரியா மூட்டு ரேகை மேல விழட்டும். ஒட்டு தெரியாது, ஏன்னா அங்க ஏற்கனவே ஒரு கோடு இருக்கு.

விரல் திரும்பி இருந்தா நடுப்பூவும் திரும்பணும், அதை மறந்துடாதீங்க. கட்டை விரல் எப்பவுமே மத்த விரல் மாதிரி நேரா பாக்காது. 30 டிகிரி திரும்பின விரல்ல பட்டையோட நடுக்கோடு விரல் நடுவுல இருக்காது, ஓரத்துக்குப் பாதி தூரத்துல இருக்கும், மறுபக்கத்துல புதுசா டிசைன் உள்ள வரும். அந்தப் புது பாகத்துக்கு ஸ்கேன்ல எதுவும் இல்லன்னா இழுத்து நிரப்பாதீங்க, வரைஞ்சு நிரப்புங்க.

கோன்கைகாரி
நான் எடிட்டர் இல்ல, கோன் பிடிக்கிற ஆளு, இந்த இழையைப் படிச்சதும் கை அரிக்குது அதனால சொல்றேன். நாங்க வைக்கிறப்ப கை விரிஞ்சு தட்டையா இருக்கும், மணிக்கட்டு கிட்ட தோலை இழுத்துப் பிடிச்சுட்டு கூட வைப்போம். அப்புறம் பொண்ணு கையை மடக்குனா ரேகைக்கு ரெண்டு பக்கமும் இருக்குற தோல் உள்ள போயிடும், அந்தத் தோல் மேல இருந்த டிசைனும் சேந்து உள்ள போயிடும். நீங்க எல்லாம் ரேகை மேல டிசைனை வளைக்கணும் வளைக்கணும்னு பேசுறீங்க, அங்க வளையறது இல்லங்க, ஒரு துண்டு காணாமப் போகுது. உள்ளங்கை நடுவுல வட்டமா வச்ச பூ, கை குழிஞ்சா முழு வட்டமா தெரியாது, நடுவுல ஒரு பட்டை விழுங்கப்பட்டு ரெண்டு அரை வட்டம் கிட்டக் கிட்ட வந்து நிக்கும்.

அப்புறம் கலரு. எல்லா இடத்துலயும் ஒரே கலர் போட்டா எங்க கண்ணுக்கு உடனே பொய்னு தெரிஞ்சுடும். உள்ளங்கைலயும் விரல் நுனிலயும் தோல் தடிமன், அங்க தான் நல்லா பிடிக்கும், மணிக்கட்டு உள்பக்கம் ஏற ஏற வெளிறும், புறங்கையும் லேசு தான். பெரிய ரேகை மேல பேஸ்ட் காஞ்சதும் வெடிச்சு முதல்ல உதிர்றது அங்க தான், அதனால ரேகைக் கோட்டுல சரியா பிடிச்சிருக்காது.

இரவுஎடிட்டர்
அக்கா இது யாருமே சொல்லாத விஷயம். ஒரு துண்டு காணாமப் போகுதுன்னா எவ்ளோ காணாமப் போகுதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது, போட்டோல பாத்து தெரியலையே

கோன்கைகாரி
உங்க கையிலயே பேனா எடுத்து கட்டம் போடுங்க தம்பி. கையை விரிச்சு வச்சு அரை சென்டிமீட்டர் கட்டமா உள்ளங்கை முழுக்க, விரலுக்கும். அப்புறம் பொண்ணு எப்படி வச்சிருக்கோ அதே மாதிரி கையை வச்சு, அதே கோணத்துல போன்ல ஒரு படம் எடுங்க. எந்தக் கட்டம் மறைஞ்சுது, எது நசுங்குச்சு, எது சாஞ்சுதுன்னு கண்ணு முன்னாடி நிக்கும்.

லேயர்தாத்தா
இதை விட நல்ல மேப் கிடையாது. அந்தப் போன் படத்தை கீழ ஒரு லேயரா வச்சுட்டு கட்டத்தைப் பாத்துப் பாத்து வார்ப் பண்ணுங்க. ரேகைல விழுங்குற வேலைக்கு, டிசைன் லேயரை ரேகை வழியா ரெண்டா வெட்டி தனி லேயராக்குங்க. ஒரு பக்கத்தை ரேகைக்கு உள்ள தள்ளி நகத்துங்க, அது கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போற பாகத்தை மாஸ்க்ல மறைச்சுருங்க. மாஸ்க் ஓரம் ஒரு பிக்சல் ரெண்டு பிக்சல் மென்மை போதும், அதுக்கு மேல போனா டிசைன் கரைஞ்ச மாதிரி ஆயிடும். வெட்டுன ரெண்டு பக்கமும் கோடு ஒண்ணோட ஒண்ணு சரியா ஒட்டக்கூடாது, கொஞ்சம் விலகி இருந்தா தான் மடிப்பு மாதிரி தெரியும். உங்க மூணாவது பிரச்சனை, அந்தப் பாலம், இதுல தான் தீரும். டிஸ்பிளேஸ்ல தீராது.

ஜிம்ப்வாசி
போட்டோஷாப் இல்லாத ஆளுங்களுக்காக ஒரு வார்த்தை. ஜிம்ப்ல `Filters > Map > Displace` இருக்கு, அதுல மேப்பைத் தனி ஃபைலா சேவ் பண்ணத் தேவையே இல்ல, திறந்து வச்சிருக்குற இன்னொரு லேயரையே காட்டலாம், எக்ஸுக்கு ஒண்ணு ஒய்க்கு ஒண்ணுன்னு தனித்தனியாவும் குடுக்கலாம். நடு கிரே விஷயம் இங்கயும் அதே தான். விரல் துண்டுக்கு கேஜ் டிரான்ஸ்ஃபார்ம் யூஸ் பண்றேன், போட்டோஷாப் வார்ப் மாதிரி கிரிட்டை நடுவுல பிரிக்க முடியாதது தான் கஷ்டம், அதனால ஓரத்துல நசுக்குறதை வார்ப் டிரான்ஸ்ஃபார்ம் பிரஷ்ல கையால தள்ளி முடிக்கிறேன். ஸ்லோ தான்.

இரவுஎடிட்டர்
வலது கையை முடிச்சுட்டேன், விரல் இப்ப உருண்டையா இருக்கு, ரேகையும் உக்காந்துடுச்சு. ஆனா கலர் மட்டும் கரியா வருது. ஆல்பத்துல இன்னொரு படத்துல இருந்த நிஜ மெஹந்தியை ஐட்ராப்பர்ல எடுத்து அதே கலரை தான் மல்டிப்ளைல போட்டேன், 110, 50, 35. நிஜப் படத்துல செம்பழுப்பு, என் படத்துல கிட்டத்தட்ட கறுப்பு.

லேயர்தாத்தா
ஐட்ராப்பர்ல நீங்க எடுத்தது மெஹந்தி மட்டும் இல்ல, மெஹந்தியும் தோலும் சேந்த கலர். அதைக் கொண்டு போய் தோல் மேல மல்டிப்ளை பண்ணா தோல் ரெண்டு தடவை கணக்குல வருது. மல்டிப்ளைல கடைசிக் கலர்ங்கறது தோல் பெருக்கல் டிசைன் வகுத்தல் 255. அதனால தலைகீழா போகணும். உங்க பொண்ணு உள்ளங்கைல வெறுந்தோல் எவ்ளோ காட்டுது?

இரவுஎடிட்டர்
205, 155, 125 சுமாரா

லேயர்தாத்தா
அப்ப 110ஐ 205ஆல வகுத்து 255ஆல பெருக்குங்க, 137 வரும். பச்சைக்கு 50ஐ 155ஆல, 82. நீலத்துக்கு 35ஐ 125ஆல, 71. டிசைனுக்கு 137, 82, 71 குடுங்க, ஒபாசிட்டி 100லயே வைங்க. பாக்க மங்கின ரோஸ் பழுப்பா இருக்கும், தோல் மேல வச்சதும் செவந்துடும். நிழல்ல இருக்குற தோல் தானாவே இருட்டாகும், அதுக்குன்னு தனியா எதுவும் செய்ய வேண்டாம். மணிக்கட்டுக்கு அக்கா சொன்ன மாதிரி லேசாக்கணும்னா லேயர் மாஸ்க்ல சாம்பல் கிரேடியண்ட் போதும்.

பளபளப்பையும் பாத்துக்கோங்க. மெஹந்தி தோலுக்குள்ள இருக்கு, எண்ணெய் பளபளப்பு அதுக்கு மேல இருக்கு. விரல் மேட்டுல வெள்ளையா மின்னுற இடத்துல டிசைன் அடர்த்தியா இருந்தா, பெயிண்ட் பூசின மாதிரி ஆயிடும். லேயர் ஸ்டைல்ல பிளெண்ட் இஃப், கீழ் லேயரோட வெள்ளை முனையை ஆல்ட் பிடிச்சு ரெண்டா பிரிச்சு, உள் முனையை மெதுவா இடப்பக்கம் இழுங்க. பளபளப்புல டிசைன் வெளிறணும், மறையக்கூடாது.

ஷார்ட்கட்சிங்கம்
மல்டிப்ளைக்குப் பதில் லீனியர் பர்ன் இன்னும் ரிச்சா வருதுன்னு எனக்குத் தோணுது, செஞ்சு பாத்தேன்

லேயர்தாத்தா
வெளிச்சமான கையில வரும். நிழல் விழுந்த விரல் இடுக்குல அது கழிச்சுட்டே போய் சட்டுனு பூஜ்யத்துல இடிச்சுடும், அங்க தோலோட டீட்டெயிலே போயிடும். இவரோட படத்துல விரல் மடங்கி இருக்கு, இடுக்கு ஜாஸ்தி.

ஷார்ட்கட்சிங்கம்
என் படத்துல அப்படி ஆகல. இடுக்குல மாஸ்க் போட்டுக்கலாம்ல. நான் லீனியர் பர்ன் கட்சி தான்

கோன்கைகாரி
ஒண்ணு கேக்கணும் இரவு தம்பி, டிசைன் யாரோடது? நெட்ல இருந்து யாரோ ஆர்ட்டிஸ்ட் கைவேலை போட்டோவை எடுத்துப் பிச்சு ஒட்டுறது நிறைய நடக்குது, எங்களுக்கு வலிக்கும். அது வேலைக்கும் ஆகாது, வேற ஒரு கையோட வளைவு அதுல ஏற்கனவே இருக்கும்.

இரவுஎடிட்டர்
இல்லக்கா, அந்தப் பொண்ணுக்கு நிஜமா வச்ச ஆர்ட்டிஸ்ட் கிட்டயே கேட்டு வாங்கினது, அவங்களே பேப்பர்ல வரைஞ்சு குடுத்தாங்க, ஆல்பத்துல மத்த படத்தோட பொருந்தணும்ல. இடது கைக்கும் தனியா வரைஞ்சிருக்காங்க, ஃபிளிப் பண்ணல.

கலர் மாத்திட்டேன், இப்ப பக்கத்துப் பக்கத்துல வச்சுப் பாத்தா ரெண்டு படமும் ஒரே கல்யாணம் மாதிரி இருக்கு. கோடு மட்டும் கொஞ்சம் கூர்மையா தெரிஞ்சுது, காஸியன் ப்ளர் 0.8 குடுத்து போட்டோவோட நாய்ஸ் அளவுக்கு நாய்ஸும் சேத்துட்டேன்.

லேயர்தாத்தா
நல்லது. சுண்டு விரல் ஃபோகஸ்ல இருந்து விலகி இருந்தா அதுக்கு ப்ளர் கொஞ்சம் ஜாஸ்தி குடுங்க, அஞ்சு விரலுக்கும் ஒரே அளவு வேண்டாம்.

இரவுஎடிட்டர்
இப்ப புதுசா ஒரு தலைவலி. ப்ரூஃப் அனுப்பினேன். பொண்ணோட அம்மா, உள்ளங்கை நடுவுல பூ ஏன் உடைஞ்சிருக்கு, முழு வட்டமா போடுங்கன்னு சொல்றாங்க. ரேகைல விழுங்க வச்சது தான் அவங்களுக்குத் தப்பா தெரியுது. கட்டம் போட்டு எடுத்த போன் படத்தை அனுப்பிக் காட்டினேன், அது சரி தம்பி ஆனா பூ முழுசா இருக்கட்டும்ங்கறாங்க 😅

கோன்கைகாரி
பூவை அப்படியே மேல தள்ளி விரல் அடில இருக்குற மேட்டுல வச்சுட்டா முழுசாவும் தெரியும், மடிப்புலயும் விழாது. ஆனா மத்த படத்துல பூ நடுவுல இருக்குமே, அதான் யோசனை.

லேயர்தாத்தா
நான் தள்ள மாட்டேன். வெட்டை ஒரு ரெண்டு பிக்சல் குறைச்சு, பூவோட வெளி வட்டத்தை மட்டும் ரேகைல கொஞ்சம் சேத்து விட்டுப் பாருங்க, உள் இதழ் மடிப்புலயே இருக்கட்டும். கண்ணு வெளி வட்டத்தைத் தான் பிடிக்கும்.

மின்மினி
ஒயிட் பேலன்ஸ் மாத்துனேன் செமயா செவந்துடுச்சு தேங்க்ஸ் அக்கா!! ஆனா இப்ப புடவை கலர் மாறிடுச்சு

கோன்கைகாரி
புடவையை மாஸ்க்ல பழைய கலருக்கே விட்டுடு டா.

இரவுஎடிட்டர்
தாத்தா சொன்ன வெளி வட்டம், அக்கா சொன்ன மாதிரி மேல தள்ளினது, ரெண்டையும் ரெண்டு வெர்ஷனா இன்னிக்கு ராத்திரி அனுப்பறேன், அம்மா எதுக்கு ஓகே சொல்றாங்கன்னு பாத்துட்டு இங்க போடறேன். இடது கை இன்னும் பாக்கி.